ரொட்டியை நிறுத்துவதற்கு முன்

ஒரு பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக் கழுவுங்கள். தண்ணீர் வெள்ளையாகும், கரைந்து போவது மாவுச்சத்து. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் ஒரு சின்ன உருண்டை மிஞ்சும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை எவ்வளவு வீசி விரித்தாலும் அது எளிதில் கிழியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அரிசி மாவில் இதே சோதனையைச் செய்து பாருங்கள், கையில் எதுவும் மிஞ்சாது.

சாப்பிட்ட புரதத்தை நம் வயிறும் குடலும் துண்டு துண்டாக வெட்டிச் செரிக்கின்றன. குளூட்டனை மட்டும் அவற்றால் முழுதாக வெட்ட முடிவதில்லை. நீளமான சில துண்டுகள் வெட்டுப்படாமலே சிறுகுடலுக்குள் வந்து சேரும். இது உங்களுக்கும் நடக்கிறது, எனக்கும் நடக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது.

சிலருக்கு மட்டும் கதை வேறு. குடல் சுவரில் ‘டிரான்ஸ்குளூட்டமினேஸ்’ என்று ஒரு நொதி இருக்கிறது. காயம்பட்ட திசுவை ஒட்டிச் சரிசெய்வது அதன் வேலைகளில் ஒன்று. அந்த நொதி குளூட்டன் துண்டைப் பிடித்து, அதன் வேதி அமைப்பைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட மரபணுவோடு பிறந்தவர்களின் உடலில், மாறிப்போன அந்தத் துண்டை நோயெதிர்ப்புச் செல்கள் எதிரி என்று நினைத்துத் தாக்கத் தொடங்கும். மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்றும் இல்லை. இருப்பவர்களில் மிகச் சிலருக்கே வருகிறது. விந்தை என்னவென்றால், உடல் குளூட்டனோடு நிற்காமல், துண்டைப் பிடித்திருந்த தன் சொந்த நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. இதுதான் சீலியாக் நோய். கோதுமை சாப்பிட்ட சில நிமிடங்களில் தடிப்பும் மூச்சிரைப்பும் வரும் ஒவ்வாமை வேறு, இது வேறு. இங்கே சேதம் மெல்ல மெல்ல நடக்கும்.

சேதம் எங்கே? தேங்காய்ப்பூத் துண்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் நிற்கும் நூல் வளையங்கள்தான் தண்ணீரை இழுக்கின்றன. சிறுகுடலின் உள்பக்கமும் அப்படித்தான். ஒரு மில்லிமீட்டர்கூட உயரம் வராத குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நின்று உணவின் சத்தை இழுத்துக்கொள்கின்றன. சீலியாக் நோயில் அவை தேய்ந்து குட்டையாகி, சில இடங்களில் மொட்டையாகவே போய்விடும்.

கோதுமைதான் குற்றவாளி என்று கண்டறிந்து சொன்னவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இந்த நோய் உள்ள குழந்தைகளுக்குக் கோதுமையை விலக்கிப் பார்ப்பதை அவர் முன்பே தொடங்கியிருந்தார். 1944-45 குளிர்காலத்தில், போரினால் அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காமல் போனபோது அவருடைய சந்தேகம் இன்னும் வலுத்தது. 1950-இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதினார். ஆனால் சந்தேகப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் ரொட்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அல்லவா? இன்றைக்கு மருத்துவர்கள் சாட்சியங்களைத் தேடுகிறார்கள். எப்படி என்று ஒரு கற்பனைச் சிறுமியை வைத்துப் பார்ப்போம்.

பஞ்சாபில் இருக்கிறாள், வயது எட்டு. மூன்று வேளையும் ரொட்டி. வகுப்பிலேயே குள்ளம், வயிறு உப்பல், சீக்கிரம் களைத்துப்போவாள். ஹீமோகுளோபின் 8.5. பல மாதம் இரும்புச்சத்து டானிக் குடித்தும் ஏறவே இல்லை. மருத்துவருக்கு முதலில் சந்தேகத்தைக் கிளப்புவது இந்த டானிக் விஷயம்தான். இரும்பு பெரும்பாலும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியான முன்சிறுகுடலில். சீலியாக் நோய் அதிகம் தாக்குவதும் அதே இடத்தைத்தான்.

முதலில் ரத்தப் பரிசோதனை. அதில் தேடுவது கோதுமையை அல்ல. முன்பு சொன்ன அந்த நொதிக்கு எதிரான ‘ஐஜிஏ’ வகை எதிர்ப்பொருளை. அந்த ஆய்வகத்தில் 20 வரை இயல்பு என்று வைத்துக்கொள்வோம். சிறுமிக்கு 96. கூடவே அவள் ரத்தத்தில் ஐஜிஏ மொத்தம் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். ஏன் தெரியுமா? சிலருக்குப் பிறவியிலேயே அந்த வகை எதிர்ப்பொருள் சுரப்பதில்லை. அவர்களுக்கு நோய் இருந்தாலும் பரிசோதனை ‘இல்லை’ என்றே சொல்லும். அப்போது ஐஜிஜி என்ற இன்னொரு வகையைத் தேட வேண்டும். நம் சிறுமிக்கு ஐஜிஏ சரியாகவே இருக்கிறது.

இயல்பைப்போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாம் முறை எடுத்த ரத்தத்தில் வேறொரு எதிர்ப்பொருளும் தென்பட்டால், குழந்தைகளுக்கு அதுவே போதும் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. இவளுக்கு ஐந்து மடங்குக்கும் குறைவு. ஆகவே குடலை நேரில் பார்க்க வேண்டும்.

மயக்கம் கொடுத்து, நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை வாய் வழியாக முன்சிறுகுடல் வரை இறக்குவார்கள். சின்ன இடுக்கியால் நான்கைந்து இடங்களில் துளித்துளியாகத் திசுவைக் கிள்ளி எடுப்பார்கள். இதுதான் பயாப்ஸி. ஒரே ஒரு துண்டு போதாது. நோய் திட்டுத்திட்டாக இருக்கலாம். நல்ல இடத்தில் கிள்ளிவிட்டால் ஏமாந்துபோவோம். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கும் ஒரு சங்கடம் உண்டு. திசுவை நேராக நிறுத்தி வெட்டாமல் சாய்வாக வெட்டிவிட்டால், நல்ல குடலுறிஞ்சிகூடக் குட்டையாகத் தெரியும்.

குடலுறிஞ்சிகள் தட்டையாக இருந்தால் மட்டும் சீலியாக் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணியாலும் அவை குட்டையாகலாம். ‘டிராப்பிகல் ஸ்ப்ரூ’ என்ற நோயிலும் அப்படி ஆகும். வேலூர் மருத்துவர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த நோய் அது. அதனால்தான் ரத்தமும் திசுவும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கிறார்கள். சிறுமிக்கு இரண்டும் ஒத்துப்போயின.

இனி, அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர், “கோதுமையை நிறுத்திப் பாருங்களேன்” என்று சொல்ல, அம்மாவும் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளூட்டன் வராததால் எதிர்ப்பொருள் குறையத் தொடங்கும்; குடலுறிஞ்சிகளும் வளரத் தொடங்கும். சிறுமி தேறுவாள். ஆனால் பரிசோதனையில் ஒன்றும் அகப்படாது. வாழ்நாள் முழுக்கக் கோதுமையைத் தொடக்கூடாதா, அது வேறு ஏதாவது கோளாறா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். நிச்சயம் தெரிய வேண்டுமானால் மறுபடி பல வாரம் தினமும் ரொட்டி தின்று, குடலைப் புண்ணாக்கிக்கொண்டு வர வேண்டும். தேறிய குழந்தையை அப்படிப் படுத்துவதைப்போல் கொடுமை இல்லை. ஆகவே சந்தேகம் வந்தால், எல்லாப் பரிசோதனையும் முடியும்வரை வழக்கம்போலச் சாப்பிட வேண்டும்.

நம் சிறுமிக்கு முடிவு தெரிந்த பிறகே கோதுமை, பார்லி, ரை மூன்றையும் நிறுத்தினார்கள். அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு எல்லாம் சாப்பிடலாம். மருந்து என்று தனியாக எதுவும் இல்லை. மாதங்கள் போகப்போக 96 என்ற எண் இறங்கியது. டானிக்கும் வேலை செய்ய ஆரம்பித்தது.

ஒரு வருடம் கழித்து எண் மறுபடி ஏறினால்? வீட்டில் எங்கோ கோதுமை ஒளிந்திருக்கிறது என்று பொருள். ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது பலருக்குத் தெரியும். பெருங்காயம் யாருக்கும் தோன்றாது. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது வழக்கம். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தாலே அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக்கூடாது. அவ்வளவு சிறிய அளவு அது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.