கூடையில் விழுந்த தேன் வீடு சேராதது ஏன்?

மார்த்தாண்டம் தேனுக்கு இன்று வாடிக்கையாளர் சென்னையிலும் இருக்கிறார், பெங்களூருவிலும் இருக்கிறார். இணையக் கடையில் அவர் பாட்டிலைக் கூடையில் போடுகிறார். ஆனால் பணம் கட்டாமல் போய்விடுகிறார். எங்கே விலகினார் என்று பார்த்தால்தான் எதை மாற்றுவது என்று தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தேன் கடையில் மாதம் 1,000 பேர் கூடையில் போடுகிறார்கள். 600 பேர் முகவரிப் பக்கத்துக்கு வருகிறார்கள், 330 பேர் பணம் கட்டும் பக்கத்தை எட்டுகிறார்கள், 230 பேர் கட்டி முடிக்கிறார்கள்.

அதிகம் பேர் போவது கூடையில்தான், 400 பேர். ஆனால் அவர்களில் பலர் விலையை ஒப்பிட மட்டும் வந்தவர்கள். முகவரி எழுதும் சிரமத்தை ஏற்றவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்கள். அவர்களில் 270 பேர் நழுவுவதுதான் கவலைக்குரியது. பின்கோடு கொடுத்த பிறகுதான் கூரியர் கட்டணம் தெரிகிறது என்றால் சந்தேகம் அங்கேதான் விழும். கண்ணாடி பாட்டிலில் போகும் தேன் கனமானது. கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

சோதிக்கத் தேவையில்லாதது

கடைசிப் படியில் போன 100 பேரை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பணம் கட்ட முயன்று தோற்றவர்கள், முயலாமலே விலகியவர்கள். பணப் பரிவர்த்தனை நிறுவனம் தரும் பட்டியலில் தோல்விகள் தனியாகத் தெரியும். அவை ஒரே வகை ஃபோனிலோ, யுபிஐ வழியிலோ குவிந்திருந்தால் அது கோளாறு. அதற்குச் சோதனை வேண்டாம், உடனே சரிசெய்ய வேண்டும்.

முதலில் எந்தச் சோதனை?

கோளாறைச் சரிசெய்த பிறகு, முதல் சோதனை கூரியர் கட்டணத்தில். வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குக் கூடையிலேயே கட்டணத்தைக் காட்டலாம், மீதிப் பேருக்குப் பழையபடியே விடலாம். இரண்டும் ஒரே நாள்களில் நடக்க வேண்டும். ஓணம், கிறிஸ்துமஸ் வாரங்களில் விற்பனை தானாகவே மாறும்.

அளக்க வேண்டியது முகவரிப் படியை அல்ல, கூடையில் போட்டவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்பதை. கட்டணத்தை முன்பே கண்டவர்கள் முன்பே விலகலாம்; முகவரிப் படியை மட்டும் பார்த்தால் அந்த இழப்பு மறைந்து, மாற்றம் வென்றதாகத் தோன்றும்.

எவ்வளவு காலம் ஆகும்? இப்போது 23 சதவீதம். அதை 28 ஆக்கும் மாற்றத்தை நம்பிக்கையோடு கண்டறிய ஒவ்வொரு பாதிக்கும் சுமார் 1,200 பேர், மொத்தம் 2,400 பேர் வேண்டும். இந்தக் கடைக்கு ஏறத்தாழ இரண்டரை மாதம். பட்டன் நிறத்தை மாற்றி 24 சதவீதம் ஆகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு பாதிக்கும் 28,000 பேருக்கு மேல் தேவை. நான்கரை வருடத்துக்கும் மேல் ஆகும்.

எனவே சிறு கடைக்காரர் வரிசையைத் தீர்மானிக்க இரண்டு கேள்விகள் போதும். இந்த மாற்றம் வாங்க வந்தவரின் முக்கியத் தடையை நீக்குமா? அதன் பலன் நம் கூட்டத்தில் சில மாதங்களில் தெரியும் அளவுக்குப் பெரிதா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத யோசனை காத்திருக்கட்டும். தொடங்கிய சோதனையை, முதல் வாரம் நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தவும் கூடாது. சிறிய எண்களில் முதல் வாரத்து ஏற்றம் பெரும்பாலும் தற்செயல்தான்.