நாலேகால் விநாடிக்குள் ஓர் அவுட்

2021 நவம்பர் 2, ஹூஸ்டன். அமெரிக்க பேஸ்பாலின் உலகத் தொடரில் ஆறாவது ஆட்டம். அட்லாண்டா பிரேவ்ஸ் 7-0 என்று முன்னால் இருந்தது. இன்னும் ஒரே ஒரு அவுட் கிடைத்தால் கோப்பை. யூலி குரியல் அடித்த பந்து தரையோடு வந்து ஷார்ட் ஸ்டாப் டான்ஸ்பி ஸ்வான்சனிடம் போனது. அவர் எடுத்து ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற ஃப்ரெடி ஃப்ரீமனுக்கு எறிந்தார். 1995-க்குப் பிறகு அட்லாண்டாவுக்கு முதல் பட்டம். அந்தக் கடைசி அவுட்டைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் பந்தைத்தான் பார்த்திருப்பார்கள். இந்த வித்தையைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் பார்ப்பது வேறு ஒன்றை: எடுக்கிறவரின் கால்களை.

ஏன் கால்கள் என்பதற்கு முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அடித்தவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 90 அடி. அடித்த பந்து தரையில் பட்டு மைதானத்துக்குள் போனால் பேட்டர் ஓடியே ஆக வேண்டும். கிரிக்கெட்டில் போல ‘ஓடவா வேண்டாமா’ என்று யோசிக்க இடமில்லை. அவர் கால் அந்த பேஸைத் தொடுவதற்கு முன், பந்தைக் கையில் வைத்திருக்கும் ஃபீல்டர் ஒருவர் பேஸை மிதித்துவிட்டால் அவுட். ஓடி வருகிறவரைப் பந்தால் தொடக்கூட வேண்டாம். மேஜர் லீக் ஆட்டக்காரர் ஒருவர் இந்த 90 அடியைச் சராசரியாக 4.3 விநாடியில் கடக்கிறார். வேகமான இடக்கை ஆட்டக்காரர் நான்கு விநாடியைத் தொட்டுவிடுவார்.

ஷார்ட் ஸ்டாப் நிற்பது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே. அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஏறக்குறைய 120, 130 அடி தூரம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து போய்ச்சேர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மட்டையில் பட்ட பந்து துள்ளித் துள்ளி அவரிடம் வர இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், மிச்சம் இருப்பது ஒரு விநாடிதான். அந்த ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும், கிளவுஸிலிருந்து வெறுங்கைக்கு மாற்ற வேண்டும், உடம்பைத் திருப்ப வேண்டும், எறிய வேண்டும். பிடித்து நின்று, பிறகு எறிவதைப் பற்றி யோசிக்கிறவருக்கு நேரம் போதாது. அதனால், பிடிக்கப் போகும்போதே எறிவதற்கான வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

பிட்சர் பந்தை விடும்போது ஷார்ட் ஸ்டாப் சும்மா நிற்பதில்லை. மட்டையை நோக்கி ஒரு சின்ன அடி வைத்து, பந்து மட்டையில் படும் நேரத்துக்கு இரண்டு கால்களும் லேசாகத் தரையில் இறங்கும்படி ஒரு குட்டித் துள்ளல் போடுகிறார். பந்து அவரை நோக்கி வருகிறது என்றால், நேராக அதை எதிர்கொண்டு ஓடுவது தொடக்கநிலை ஆட்டக்காரரின் வழக்கம். தேர்ந்தவர் பந்துக்குத் தன் வலப்பக்கமாகச் சற்று வளைந்து வருகிறார். ஹோம் பிளேட்டைப் பார்த்து நிற்கும் ஷார்ட் ஸ்டாப்புக்கு ஃபர்ஸ்ட் பேஸ் இடப்பக்கம் இருக்கிறது. வலமிருந்து இடமாக நகர்ந்தபடியே பந்தை எடுத்தால், எடுக்கும்போதே உடம்பு எறிய வேண்டிய திசையில் போய்க்கொண்டிருக்கும். நேராக ஓடி வந்தவரோ முதலில் நிற்க வேண்டும், பிறகு திரும்ப வேண்டும். இந்த வளைவுக்காக நடக்கும் கூடுதல் இரண்டடி வீணில்லை. ஆனால் பந்து மெதுவாக உருண்டு வந்தால் வளைந்து வர நேரம் கிடையாது. அப்போது நேராகப் பாய்ந்து எடுப்பதே சரி.

கடைசி இரண்டு அடிகளுக்கு ஒரு தாளம் உண்டு. வலது கால் ஊன்றுகிறது, இடது கால் ஊன்றுகிறது, பந்து கிளவுஸுக்குள் வருகிறது. வலக்கையால் எறிகிறவருக்கு இதுதான் வரிசை. கால்கள் தோளகலத்தைவிட விரிந்திருக்கும், இடது பாதம் ஒரு சாண் முன்னால் இருக்கும், இடுப்பு நன்றாக இறங்கியிருக்கும். பந்தை நடு உடம்புக்கு நேராக எடுப்பதில்லை. சற்று இடப்பக்கமாக, இடது கண்ணுக்குக் கீழே வரும்படி எடுக்கிறார்கள். கிளவுஸ் இடக்கையில்தான் இருக்கிறது, அது இயல்பாகப் போகும் பக்கம் அதுவே. நம்மூர் கிரிக்கெட் ஃபீல்டர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் காலால் அணை கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். நாலு ரன் போகாமல் தடுக்க அது அருமையான வழி. இங்கே முழங்கால் தரையில் பட்டால் எழுவதற்குள் ரன்னர் பேஸில் இருப்பார்.

கிளவுஸ் விஷயத்தில் விதி ஒன்றுதான், அதைத்தான் அதிகம் பேர் மீறுகிறார்கள். கிளவுஸ் சீக்கிரமாகக் கீழே போக வேண்டும், விரல்நுனிகள் தரையை உரச, உள்ளங்கை பந்தைப் பார்த்து விரிந்திருக்க வேண்டும். அதுவும் கால்களுக்கு இடையில் இல்லை, உடம்புக்கு நன்றாக முன்னால்; அப்போதுதான் பந்து கிளவுஸுக்குள் போவதைக் கண் பார்க்க முடியும். பந்து எதிர்பாராமல் எழும்பினால் கீழே இருக்கும் கையை மேலே கொண்டுவருவது எளிது. மேலே இருக்கும் கையைக் கடைசி நேரத்தில் கீழே தள்ளுவது கடினம். எழும்பிய பந்து கிளவுஸைத் தாண்டினாலும் நெஞ்சில் பட்டு முன்னால் விழும். அடியில் நுழைந்த பந்தைத் தடுக்கப் பின்னால் எதுவுமில்லை.

அமெரிக்க பேஸ்பாலின் மிகப் பிரபலமான தவறு இப்படி அடியில் நுழைந்த பந்துதான். 1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். ஆட்டம் சமனில் இருந்தது. மூக்கி வில்சன் அடித்த பந்து ஃபர்ஸ்ட் பேஸ் கோட்டை ஒட்டி மெதுவாகத் துள்ளி வந்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸின் பில் பக்னர் கணுக்கால் வலியோடு ஆடிக்கொண்டிருந்தவர். பந்து அவருடைய கிளவுஸுக்கு அடியில் புகுந்து கால்களுக்கு நடுவே போய்விட்டது. இரண்டாவது பேஸிலிருந்து ரே நைட் ஓடிவந்து ரன் எடுக்க, மெட்ஸ் 6-5 என்று வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் மெட்ஸே வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. பக்னரிடம் பந்து வருவதற்கு முன்பே பாஸ்டன் தன் முன்னிலையைப் பறிகொடுத்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். முழுப் பழியையும் அவர் தலையில் போட்டது நியாயமில்லை.

கிளவுஸ் சரியான இடத்தில் இருந்தாலும், பந்து துள்ளலின் எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே, அது எங்கும் திரும்புவதற்கு முன் எடுத்துவிடலாம். இதை ஷார்ட் ஹாப் என்கிறார்கள். அல்லது துள்ளல் உச்சிக்குப் போய் இறங்கும்போது எடுக்கலாம். இரண்டும் நல்லவை. நடுவில் அகப்படுவதுதான் ஆபத்து: பந்து எழும்பிக்கொண்டிருக்கும், முழங்காலுக்கு வருமா தாடைக்கு வருமா என்று தெரியாது. அந்த இடத்தில் மாட்டுகிறவரைப் பார்த்தால் கை பின்வாங்கும், முகம் திரும்பும். பார்க்கிறவர்கள் கையைக் குறை சொல்வார்கள். காரணம் இரண்டு நொடிக்கு முன் காலில் இருக்கிறது. ஓரடி முன்னால் வந்திருந்தால் ஷார்ட் ஹாப், ஓரடி பின்னால் போயிருந்தால் இறங்கும் பந்து.

இதைப் பயிற்சியாகவே மாற்றியவர் ரான் வாஷிங்டன். 2021-ல் அட்லாண்டா வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர்களில் அவரும் ஒருவர். ஆட்டக்காரரை முழங்காலிட்டு உட்கார வைத்து, உள்ளங்கையளவே இருக்கும் சின்னப் பயிற்சிக் கிளவுஸைக் கொடுத்து, சில அடி தூரத்திலிருந்து பந்தைத் தட்டிவிடுவார். கால் வேலை எதுவும் கிடையாது, கையும் கண்ணும் மட்டும். பிறகு எழுந்து நின்று, பிறகு நகர்ந்தபடி. நாள்தோறும் இதே வரிசை. ஓக்லாண்டில் அவரிடம் பயின்ற எரிக் சாவேஸ், 2004-ல் தனக்குக் கிடைத்த கோல்டு கிளவ் விருதையே அவரிடம் கொடுத்துவிட்டார்.

அதே ஓக்லாண்டில் 2015-ல் மார்க்கஸ் செமியன் என்ற இளம் ஷார்ட் ஸ்டாப் தடுமாறிக்கொண்டிருந்தார். அந்தப் பருவத்தில் 35 பிழைகள், மேஜர் லீக்கிலேயே அதிகம். பருவத்தின் நடுவே வாஷிங்டன் வந்து சேர்ந்தார். ஆட்டத்துக்கு முன் மணிக்கணக்காகப் பந்து எடுக்க வைத்தார். அடுத்த ஆண்டு பிழைகள் 21 ஆகக் குறைந்தன. 2021-ல் டொரான்டோவுக்கு இரண்டாவது பேஸில் ஆடிய செமியன், கோல்டு கிளவ் விருதையே வாங்கினார்.

பிடித்தாகிவிட்டது, இனி எறிதல். கிளவுஸுக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும் வலக்கை பந்தோடு சேர்ந்து இடுப்புக்கு வருகிறது. வரும் வழியிலேயே விரல்கள் தையலைத் தேடுகின்றன. தையலுக்குக் குறுக்கே இரண்டு விரல்களை வைத்து எறிந்தால் பந்து பின்சுழற்சியோடு நேராகப் போகும். தப்பாகப் பிடித்தால் 120 அடியில் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கைகள் இதைச் செய்யும்போது வலது கால், இடது காலுக்கு முன்னால் தாண்டி, பாதத்தின் உட்பக்கம் ஃபர்ஸ்ட் பேஸைப் பார்க்கும்படி ஊன்றுகிறது. அந்த ஒரு அடியிலேயே இடுப்பும் தோளும் திரும்பிவிடும். இடது தோள் இலக்கைக் காட்டும், இடது கால் அதே கோட்டில் நீளும், கை மேலிருந்து வரும். வலது பாதம் முழுதும் திரும்பாவிட்டால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். கை மட்டும் தனியாக உடம்பைக் குறுக்கே இழுத்து எறியும், பந்து கோட்டை விட்டு விலகும். எறிதல் பிழை என்று ஸ்கோர் புத்தகத்தில் ஏறுவதில் எத்தனையோ, உண்மையில் இந்தப் பாதத்தின் பிழைதான்.

இடக்கையால் எறிகிறவர்கள் ஷார்ட் ஸ்டாப்பில் நிற்காததற்கும் காரணம் இதுவே. பந்தை எடுத்தபின் அவர்கள் இன்னும் அதிகம் சுழன்றுதான் ஃபர்ஸ்ட் பேஸைப் பார்க்க முடியும்.

எறிந்தது நெஞ்சுயரத்தில் போனால் அழகு. தவறத்தான் வேண்டும் என்றால் தாழத் தவறுவது மேல். தரையில் பட்டு வரும் பந்தை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் நீளமான கிளவுஸால் வாரியெடுக்கலாம். தலைக்கு மேலே போனதை யாரும் எடுக்க முடியாது, ரன்னர் இரண்டாவது பேஸுக்கே போய்விடுவார். சின்சினாட்டி ரெட்ஸின் டேவ் கான்செப்சியோன் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். முழங்கை வலியால் தூரத்திலிருந்து எறிவது சிரமமாகியபோது, ரிவர்ஃப்ரண்ட் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லை நம்பி, வேண்டுமென்றே ஒரு முறை தரையில் குத்தி எறியத் தொடங்கினார். செயற்கைப் புல்லில் துள்ளல் சீராக இருக்கும், வேகமும் அதிகம் குறையாது. மேலே வளைத்து எறிவதைவிடத் தாழ எறிந்து குத்திய பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஒழுங்காகப் போய்ச்சேர்ந்தது. மண்ணிலும் இயற்கைப் புல்லிலும் ஆடுகிற அணிகளுக்கு இந்த வழி அவ்வளவு சுலபமில்லை. அங்கே குத்திய பந்து எப்படி எழும் என்பதை அந்த மைதானத்தின் மண்தான் தீர்மானிக்கும்.