தோட்டக் கணக்கு – 9: கச்சான் மாதங்களும் ஆண்டு முடிவும்

பூனாகலை மலைச்சரிவுகளில் சித்திரை, வைகாசி மழையோடு பொங்கி வரும் கொழுந்து, ஆடி பிறந்து மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று மலையைத் தாண்டி வீசத் தொடங்கியதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பிரசித்தி தேடித் தந்த வாசனை அந்த ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வறட்சியிலேதான் பிறக்கிறது என்றபோதிலும், தொழிற்சாலைக் கணக்கை எழுதுகிறவருக்கு அந்த மாதங்கள் சோதனை மாதங்களே. வாட்டும் மாடியில் பாதித் தொட்டிகள் வெறுமையாய்க் கிடந்தாலும் டீமேக்கரின் சம்பளமோ, உருளைப் பொறிகளின் பெறுமானத் தேய்வோ, கட்டடக் காப்புறுதியோ பாதியாகிவிடுவதில்லை. கொழுந்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் விறகுச் செலவை வேறாக எழுதிவிட்டு, மாதத்துக்கு மாதம் மாறாத இந்த நிலையான மேந்தலைக் கிரயத்தை மட்டுமே இவ்வாரம் ஆராய்வோம்.

இக்கிரயத்தை அந்தந்த மாதத்து உற்பத்தியின் மேல் அப்படியே பகிர்ந்தால், ஒரே தோட்டத்துத் தேயிலை வைகாசியில் மலிவாகவும் ஆவணியில் விலையேறியதாகவும் காட்சியளிக்கும். காற்றின் திசையைத் தவிர அந்த வித்தியாசத்துக்கு வேறு காரணம் இராது. ஆகவே ஆண்டுத் தொடக்கத்திலேயே, ஆண்டு முழுமைக்கும் உத்தேசித்த மேந்தலையைச் சாதாரண ஆண்டொன்றின் உற்பத்தியால் வகுத்து ஒரு வீதத்தை நிர்ணயித்து, உற்பத்தியாகும் ஒவ்வொரு கிலோவின் மேலும் அவ்வீதப்படி மேந்தலையை ஏற்றி வருகிறார்கள். உண்மையாகச் செலவானது மேந்தலைக் கட்டுப்பாட்டுக் கணக்கின் வரவுப் பக்கத்திலும், தேயிலையின் மேல் ஏற்றப்பட்டது செலவுப் பக்கத்திலும் பதியப்படும். கச்சான் மாதங்களில் அக்கணக்கில் வரவு மீதி பெருகுவதும், ஐப்பசி, கார்த்திகை மழையில் அது கரைவதும் இயல்பு என்பதால், ஓகஸ்ட் மாதத்து மீதியைக் கண்டு ஒருவரும் கலங்க வேண்டியதில்லை. மழைக்காலம் முழுவதும் கடந்து டிசம்பர் முடிந்த பின்னரும் அம்மீதி கரையாமல் நின்றால் மட்டுமே மெய்யான குறை உறிஞ்சல் நேர்ந்திருக்கிறதென்று கொள்ள வேண்டும்.

அத்தகைய குறை உறிஞ்சல் நேர்வதற்கு ஏதுவான காலமொன்றை நாம் அண்மையில் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டபோதிலும், உரமின்றி நலிந்த செடிகள் உடனே தேறவில்லை. 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாயிருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாகச் சரிந்தது. அதே 2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து இயந்திர உதிரிப்பாகங்களின் விலை ஏறிற்று. ஓகஸ்டில் மின்கட்டணமும் சராசரி 75 சதவீதம் உயர்த்தப்பட்டது. கொழுந்து குறையவும் செலவு ஏறவும் ஒரே ஆண்டில் நேர்ந்த அக்காலத்தை மனத்திற்கொண்டு, பூனாகலைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனையாக வைத்து, தொகைகளையும் விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொள்வோம்.

அத்தொழிற்சாலையின் சாதாரண உற்பத்தி ஆண்டுக்கு 6 இலட்சம் கிலோ என்றும், உத்தேச நிலையான மேந்தலை 4 கோடி 80 இலட்சம் ரூபாய் என்றும் கொண்டால், உறிஞ்சல் வீதம் கிலோவுக்கு 80 ரூபாய் ஆகிறது. ஆண்டு முடிவில் உற்பத்தி 4 இலட்சத்து 80 ஆயிரம் கிலோவோடு நின்றுவிட, உண்மை மேந்தலையோ 5 கோடி 10 இலட்சத்துக்கு ஏறிவிட்டது. தேயிலை உறிஞ்சியது 3 கோடி 84 இலட்சம் மாத்திரமே. எஞ்சிய 1 கோடி 26 இலட்சம் கட்டுப்பாட்டுக் கணக்கில் தொங்குகிறது. உற்பத்தியானதில் 40 ஆயிரம் கிலோ, கொழும்பு ஏலத்தில் விலை போகாமல் டிசம்பர் 31இல் இருப்பாக நிற்கிறது. மற்ற 4 இலட்சத்து 40 ஆயிரம் கிலோவும் விற்றாகிவிட்டது.

பலருக்கும் முதலில் தோன்றும் வழி, 1 கோடி 26 இலட்சத்தையும் 4 இலட்சத்து 80 ஆயிரத்தால் வகுத்து, கிலோவுக்கு 26 ரூபாய் 25 சதம் என்னும் துணை வீதமொன்றைக் கண்டு, அதை விற்ற தேயிலையின் மேலும் விற்காத தேயிலையின் மேலும் ஒருசேர ஏற்றிவிடுவதாகும். அவ்வாறு செய்தால் இருப்பின் பெறுமதி பத்தரை இலட்சம் ரூபாய் உயரும். கணித ரீதியில் இதிலே பிழை ஒன்றும் இல்லை. நியாயத்திலேதான் பிழை இருக்கிறது. வெறுமையாய்க் கிடந்த தொட்டிகளின் செலவு, நிரம்பிய தொட்டிகளிலிருந்து வந்த தேயிலையின் கிரயம் ஆவது எங்ஙனம்? விளைச்சல் வீழ்ந்த ஆண்டின் நட்டத்தில் ஒரு பகுதியை, விற்காத தேயிலைப் பொதிகளுக்குள் மறைத்து, வரும் ஆண்டின் தலையில் சுமத்துவதாகவே இது முடிகிறது.

இருப்புகளைப் பற்றிய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2, நிலையான மேந்தலையைச் சாதாரண இயலளவின் அடிப்படையிலேயே ஒவ்வோர் அலகின் மேலும் ஏற்ற வேண்டுமென்றும், உற்பத்தி குறைந்ததன் காரணமாக அலகொன்றுக்குரிய தொகையை உயர்த்தலாகாதென்றும், ஏற்றப்படாமல் எஞ்சுவதை அந்த ஆண்டின் செலவாகவே கொள்ள வேண்டுமென்றும் விதிக்கிறது. அதன்படி உண்மை மேந்தலையான 5 கோடி 10 இலட்சத்தைச் சாதாரண உற்பத்தியான 6 இலட்சத்தால் வகுத்தால் கிலோவுக்கு 85 ரூபாய் வரும். முன்பு ஏற்றிய 80 ரூபாயோடு கூடுதலாகச் சேரத் தக்கது 5 ரூபாயே. விலைவாசி ஏறியதன் நியாயமான பங்கு அவ்வளவுதான். எனவே இருப்பிலுள்ள 40 ஆயிரம் கிலோவுக்கு 2 இலட்சமும், விற்ற தேயிலைக்கு 22 இலட்சமும் சேர்ந்து, முன்னது இருப்புக் கணக்கையும் பின்னது விற்பனைக் கிரயத்தையும் சென்றடைகின்றன. உற்பத்தியாகாமற் போன 1 இலட்சத்து 20 ஆயிரம் கிலோவுக்குரிய 1 கோடி 2 இலட்சம் ரூபாய், தேயிலையின் மேல் ஏறாமல் நேரே அவ்வாண்டின் செலவாகிறது. இவை மூன்றும் சேர்ந்து 1 கோடி 26 இலட்சம் ஆகிவிட, கட்டுப்பாட்டுக் கணக்கு மீதியின்றி முடிகிறது. இரு முறைகளுக்கும் இடையே இருப்பின் பெறுமதியிலும், அதன் மூலம் இலாபத்திலும், எட்டரை இலட்சம் ரூபாய் வித்தியாசம் நிற்கிறது.

கணக்கைப் பரிசோதிப்பவர் இத்தவற்றை எளிதில் கண்டுகொள்ளலாம்: உறிஞ்சல் வீதத்தில் மாற்றம் இல்லாதிருக்க, இறுதி இருப்பின் கிலோப் பெறுமதி மட்டும் சென்ற ஆண்டைவிட விலைவாசி ஏற்றத்துக்குப் பொருந்தாத அளவுக்கு உயர்ந்திருந்தால், சோம்பிய இயந்திரங்களின் செலவு உள்ளே புகுந்திருக்கிறதென்றே சந்தேகிக்க வேண்டும். இதைவிட நுட்பமான தவறொன்றும் உண்டு. ஆண்டு முடிந்தபின், ‘சாதாரண உற்பத்தியே இனி 4 இலட்சத்து 80 ஆயிரம்தான்’ என்று வகுக்கும் எண்ணைக் குறைத்துக்கொண்டு, குறை உறிஞ்சலையே மறையச் செய்வது அது. சாதாரண இயலளவு என்பது பல பருவங்களின் சராசரி; பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் நாட்களைக் கழித்துக்கொள்ள இடமுண்டு, ஒரு கெட்ட ஆண்டை அளவுகோலாக்கிக்கொள்ள இடமில்லை. செடிகள் நிரந்தரமாகவே நலிந்துவிட்டன என்பது பின்வரும் பருவங்களில் உறுதிப்படுமாயின், வரப்போகும் ஆண்டின் வீதத்தைப் புதிதாக நிர்ணயிக்கலாம். கடந்த ஆண்டின் கணக்கை அதைக்கொண்டு திருத்துவது என் அபிப்பிராயத்தில் முறையாகாது.

மிகை உறிஞ்சலில் விதி வேறு திசையில் செல்கிறது. அதே 5 கோடி 10 இலட்சச் செலவில், மழை வழக்கத்துக்கு மாறாக வாய்த்து 7 இலட்சத்து 50 ஆயிரம் கிலோ உற்பத்தியானதாகக் கொள்வோம். 80 ரூபாய் வீதத்தில் தேயிலை 6 கோடியை உறிஞ்சியிருக்கும். செலவாகாத 90 இலட்சம் கிரயமாக ஏறிவிட்டது. இங்கே சாதாரண உற்பத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றால், இருப்பு தன் உண்மைக் கிரயத்தையும் மிஞ்சிய பெறுமதியில் நிற்கும். அதனாலேயே அசாதாரணமாக உற்பத்தி மிகுந்த ஆண்டில் அலகின் மேல் ஏற்றும் தொகையைக் குறைக்க வேண்டுமென்று அதே நியமம் சொல்லுகிறது. உண்மை வீதம் 68 ரூபாய் ஆதலால் கிலோவுக்கு 12 ரூபாய் திரும்பக் கழிய வேண்டும்: 60 ஆயிரம் கிலோ இருப்பிலிருந்து 7 இலட்சத்து 20 ஆயிரமும், விற்ற 6 இலட்சத்து 90 ஆயிரம் கிலோவின் கிரயத்திலிருந்து 82 இலட்சத்து 80 ஆயிரமும் நீங்குகின்றன.

இவ்வளவும் ஒழுங்காக முடிந்தபின்னரும், ஏலத்தில் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து விற்பனைச் செலவுகளைக் கழித்து வரும் தொகை, கொழுந்தின் பெறுமதியும் விறகும் மேந்தலையும் சேர்ந்த கிரயத்தைவிடத் தாழ்ந்திருக்குமானால், இருப்பை அத்தாழ்ந்த தொகைக்கே இறக்கி எழுத வேண்டும். அவ்வாறு இறங்கும் தொகையை மேந்தலைக் கணக்கோடு கலவாமல், அதற்குரிய தனிப் பதிவாகவே காட்ட வேண்டும்; கலந்துவிட்டால், நட்டம் செடியிலிருந்து வந்ததா சந்தையிலிருந்து வந்ததா என்பதைப் பிரித்தறிய வழியிராது.