‘அஞ்சல்’ எது, ‘வழி’ எது? சி ரூசாவிலிருந்து ஊருக்குப் போகும் கடிதம்

சி ரூசாவில் இருக்கும் ஒரு வீட்டுக்குக் கடிதம் எழுதுவது எளிது. வீட்டு எண், சாலை, 71050 என்ற அஞ்சல் குறியீடு, நெகிரி செம்பிலான். தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் இது இன்னும் சுருக்கமாக இருந்தது. தோட்டத்தின் பெயரைப் போட்டால் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்துவிடும். அங்கிருந்து லயத்துக்கு வந்துசேரும்.

தமிழ்நாட்டில் இருக்கும் பூர்வீக ஊருக்கு எழுதும்போதுதான் கை நிற்கிறது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்தால், கிராமத்தின் பெயர், அடுத்து வேறொரு ஊரின் பெயரோடு ‘அஞ்சல்’, அடுத்து இன்னொரு ஊரின் பெயரோடு ‘(வழி)’, பிறகு தாலுகா, ஜில்லா என்று ஐந்து இடங்கள் வரிசையாக இருக்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பலருக்கும் தெரிவதில்லை. நிலப் பத்திரமோ, வாரிசுச் சான்றுக்கான தாளோ அனுப்ப வேண்டிய குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. அந்த ஐந்தில் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ‘அஞ்சல்’, ‘வழி’ என்ற இரண்டும்தான். தாலுகாவும் ஜில்லாவும் வருவாய்த் துறை போட்ட எல்லைகள்.

இந்திய அஞ்சல் துறையில் மூன்று அடுக்கு உண்டு. மாவட்டத் தலைநகரிலோ பெரிய நகரத்திலோ இருப்பது தலைமை அஞ்சலகம். சிறு நகரங்களிலும் பெரிய கிராமங்களிலும் இருப்பவை துணை அஞ்சலகங்கள். கிராமங்களில் இருப்பவை கிளை அஞ்சலகங்கள். கிளை அஞ்சலகம் பல ஊர்களில் ஒரு வீட்டின் முன்னறையில், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் நடக்கும். அதை நடத்தும் கிளை அஞ்சலகத் தலைவரும், கடிதம் கொண்டுவரும் ஊழியரும் ‘கிராமிய அஞ்சல் ஊழியர்’ என்ற தனிப் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

இந்த மூன்றையும் இணைப்பது கணக்கு. ஒவ்வொரு கிளையும் ஒரு துணை அஞ்சலகத்தோடு, சில இடங்களில் நேரே தலைமை அஞ்சலகத்தோடு, கட்டப்பட்டிருக்கும். அதற்குக் கணக்கு அலுவலகம் என்று பெயர். கிளை தன் அன்றாட வரவு செலவை அங்கே காட்ட வேண்டும். மணியார்டர் கொடுக்கக் கையில் பணம் போதாவிட்டால் அங்கிருந்துதான் வரும். துணை அஞ்சலகம் தன் கணக்கைத் தலைமைக்கு அனுப்பும்.

கடிதப் பையும் இதே கட்டில்தான் போகிறது, ஒரு வேறுபாட்டுடன். தலைமை அஞ்சலகம் கணக்குக்குத் தலைமை என்பதால் எல்லாக் கடிதமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை. பிரிப்பகத்திலிருந்து துணை அஞ்சலகத்துக்கு நேரே பை கட்டிவிடுவார்கள். துணை அஞ்சலகம் அதைப் பிரித்து, தன் கீழுள்ள ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனிப் பை போடும். பதிவு செய்யப்பட்ட தபால்களின் விவரம் எழுதிய ஒரு சீட்டும் அந்தப் பையில் இருக்கும். கிளையில் பை திறந்த பிறகே கடிதம் தெருவுக்கு வருகிறது.

இனி உறையைப் பாருங்கள். ‘அஞ்சல்’ என்று எழுதியிருப்பது கிளை அஞ்சலகத்தின் பெயர். ‘வழி’ என்று எழுதியிருப்பது அதன் பையைக் கட்டும் துணை அஞ்சலகம். உங்கள் கிராமத்தின் பெயரும் அஞ்சலின் பெயரும் வேறாக இருந்தால் அது எழுத்துப் பிழை அன்று. நான்கைந்து சிற்றூர்களுக்கு ஒரே கிளை இருக்கும். அது எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரின் பெயரே அஞ்சலுக்கும்.

1972 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தது. அதன் பிறகு ‘வழி’ செய்த வேலையை அந்த எண் ஏற்றுக்கொண்டது. முதல் மூன்று இலக்கம் எந்தப் பிரிப்பு வட்டாரம் என்று சொல்லும். கடைசி மூன்றும் பட்டுவாடாவுக்குப் பொறுப்பான அஞ்சலகத்தைச் சொல்லும். ஆனால் கிளைகளுக்குப் பெரும்பாலும் தனி எண் கிடையாது. கணக்கு அலுவலகத்தின் எண்தான் அவற்றுக்கும். எனவே எண்ணை மட்டும் நம்பினால் கடிதம் துணை அஞ்சலகம்வரை போய்விடும். அங்கே எந்தக் கிளைப் பையில் போடுவது என்பதற்கு ‘அஞ்சல்’ பெயர்தான் துணை. புதூர், காலனி போன்ற பெயர்கள் ஒரே துணை அஞ்சலகத்தின் கீழ் இரண்டு மூன்று இருக்கும்போது, அந்தப் பெயர் இல்லாத கடிதம் தவறான கிளைக்குப் போய்த் திரும்பி வரும்.

ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழருக்கு நன்கு தெரிந்த பெயர், கங்கைகொண்ட சோழபுரம். 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் தலைநகர். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தின் பழைய உறையில் ‘உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா’ என்று இருக்கும். 1995-இல் அந்தப் பகுதி பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2007 முதல் அரியலூர் மாவட்டம். பேரப்பிள்ளை இன்று வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருக்கும் பெரிய ஊர் ஜெயங்கொண்டம், அதுதானே வட்டத் தலைநகர் என்று அதன் எண்ணான 621802-ஐ எழுதிவிடுவார். கங்கைகொண்ட சோழபுரத்தின் எண் 612901. இலக்கங்கள் இடம் மாறிய பிழைபோலத் தெரியும், ஆனால் இரண்டும் சரியான எண்களே. 612 கும்பகோணத்து வட்டாரம். கும்பகோணம் தலைமை அஞ்சலகத்தின் எண் 612001. 621 திருச்சியைச் சுற்றிய வட்டாரம். பிரிக்கும் இடத்தில் இரண்டும் வெவ்வேறு பைகள். வருவாய்த் துறைக்கு அரியலூராக இருக்கும் ஊர் தபாலுக்குக் கும்பகோணத்துப் பக்கம். பக்கத்து நகரத்தின் எண்ணை ஊகித்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் சரியான அலுவலகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்திய அஞ்சல் துறையின் இணையதளத்தில் குறியீட்டு எண் தேடும் பக்கம் இருக்கிறது. கிராமத்தின் பெயரைவிட எண்ணைக் கொடுத்துத் தேடுவது நல்லது. அந்த எண்ணின் கீழுள்ள எல்லா அஞ்சலகங்களும் வரும். பெயரின் பின்னால் H.O, S.O, B.O என்று இருக்கும்: தலைமை, துணை, கிளை. அந்தப் பட்டியலில் உங்கள் உறையிலுள்ள ‘அஞ்சல்’ பெயர் B.O ஆகவும், ‘வழி’ பெயர் S.O ஆகவும் இருந்தால் எண் சரி. ‘அஞ்சல்’ பெயர் அங்கே இல்லையென்றால் கிளை வேறு கணக்கு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அந்தப் பெயரைத் தனியே தேடிப் புது எண்ணை எடுக்க வேண்டும். மாவட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாபநாசம் என்று தேடினால் தஞ்சைப் பக்கத்துப் பாபநாசமும் வரும், நெல்லைப் பாபநாசமும் வரும். 614-இல் தொடங்குவது தஞ்சைப் பக்கம், 627-இல் தொடங்குவது நெல்லை.

அதே பட்டியலில் Delivery, Non Delivery என்று ஒரு கட்டம் உண்டு. நகரங்களில் சில துணை அஞ்சலகங்கள் தபால் வாங்கும், தபால்தலை விற்கும், ஆனால் அவற்றிலிருந்து தபால்காரர் புறப்பட மாட்டார். Non Delivery என்றிருக்கும் பெயரை முகவரியில் எழுதிப் பயனில்லை.

பழைய உறையின் முத்திரையைச் சான்றாக எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த கடிதத்தில் தபால்தலை மேல் இருப்பது கடிதம் போட்ட இடத்தின் முத்திரை. அண்ணன் சந்தைக்குப் போனபோது டவுன் பெட்டியில் போட்டிருந்தால் டவுன் பெயர்தான் இருக்கும். அதைவிட, அனுப்புநர் பகுதியில் அவரே எழுதிய ‘அஞ்சல்’ நம்பத்தக்கது. அதுவும் அழிந்திருந்தால் ஊரில் இருப்பவரைத் தொலைபேசியில் அழைத்து, “நம்ம தெருவுக்குத் தபால் எந்த போஸ்ட் ஆபீசிலேர்ந்து வருது?” என்று கேளுங்கள். “நம்ம ஊர் எந்த தாலுகா?” என்று கேட்டால் வேறு பதில்தான் கிடைக்கும்.

எழுதும்போது பெயர், வீட்டு எண், தெரு, கிராமம் முதலில். அடுத்த வரியில் கிளையின் பெயரும் ‘அஞ்சல்’ என்ற சொல்லும். அதற்கடுத்து துணை அஞ்சலகத்தின் பெயரோடு ஆறு இலக்க எண், பிறகு இன்றைய மாவட்டமும் மாநிலமும். கடைசி வரியில் நாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதுங்கள். மலேசியாவில் பிரிப்பவர் பார்ப்பது அந்த ஒரு வரியைத்தான்.