ஒரே கேபிளில் மின்சாரமும் படமும்

ஐந்து கேமரா போதுமான ஒரு சிறு அலுவலகத்துக்கு, பின்புறத்தில் 8 பிஓஇ போர்ட்டுகள் உள்ள 8 சேனல் என்விஆர் ரெக்கார்டர் பொருத்தமாக இருக்கும். கேமராவிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளை இந்தப் போர்ட்டில் செருகினால், படம் வரும் அதே கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் போகிறது. கேமராவின் அருகில் தனி அடாப்டரோ பிளக் பாயின்டோ தேவையில்லை.

போர்ட் எடுத்த எடுப்பில் மின்சாரத்தைத் தருவதில்லை. முதலில் சிறிய மின்னழுத்தத்தை அனுப்பி, மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் 44 முதல் 57 வோல்ட் வரையிலான மின்சாரத்தைத் திறந்துவிடும். அதனால் தெரியாமல் ஒரு கம்ப்யூட்டரைச் செருகிவிட்டாலும் அதற்குக் கேடு வராது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ‘பாசிவ்’ வகைக் கருவிகளில் இந்தச் சோதனை கிடையாது. அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

2003இல் வந்த 802.3af தரத்தின்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். கேபிளில் ஏற்படும் இழப்பு போக கேமராவுக்கு 12.95 வாட் உறுதி. நிலையான சாதாரணக் கேமராவுக்கு இது தாராளம். ஆனால் எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து எத்தனை வாட் தர முடியும் என்பதற்கு ரெக்கார்டருக்கென ஒரு வரம்பு உண்டு. கேமராக்களின் உச்சத் தேவையைக் கூட்டிப் பார்த்து, அது இந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்று வாங்கும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தொல்லை பெரும்பாலும் கேபிளில்தான் ஒளிந்திருக்கிறது. பகலெல்லாம் ஒழுங்காக இருந்த கேமரா, இருட்டியதும் நின்று நின்று மீண்டும் உயிர்பெறும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிவதால் மின்தேவை கூடுகிறது. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிளில் மின்தடை அதிகம் என்பதால், தூரம் கூடக்கூட வோல்ட் இறங்கிவிடுகிறது. அந்தக் கேமராவை ரெக்கார்டர் அருகே கொண்டுவந்து, நல்ல குட்டைக் கேபிளில் இணைத்து, லென்ஸை மறைத்து விளக்கை எரியவிட்டால் போதும். அப்போது நிலையாக நின்றால் குற்றம் கேபிள்மீதுதான். முழுச் செம்புக் கேபிளாக இருந்தாலும் 100 மீட்டரே எல்லை.

அடுத்தது சேனல். போர்ட் என்பது கேபிள் செருகும் இடம். சேனல் என்பது திரையிலும் பதிவிலும் ஒரு கேமராவுக்கு ஒதுக்கப்படும் எண். பல ரெக்கார்டர்களில் 1ஆம் போர்ட்டில் செருகியது தானாகவே 1ஆம் சேனலில் தெரியும். ரெக்கார்டரே கேமராவுக்கு முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும்.

நான்கு கேமராக்கள் இப்படிச் சேர்ந்துவிட்டன, ஐந்தாவது வாசல் கேமரா மட்டும் அங்குள்ள பிஓஇ ஸ்விட்சிலிருந்து அலுவலக நெட்வொர்க் வழியாக வருகிறது என்று கொள்வோம். இது தானாகச் சேராது. 5ஆம் சேனல் 5ஆம் போர்ட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அமைப்புத் திரையில் அந்தச் சேனலை Plug-and-Play நிலையிலிருந்து Manual நிலைக்கு மாற்றி, கேமராவின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைத் தர வேண்டும். வேறு நிறுவனத் தயாரிப்பு என்றால் நெறிமுறைக்கு ONVIF என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சில கேமராக்களில் முதலில் அதை இயக்கிவைத்து அதற்கெனத் தனிப் பயனரையும் உருவாக்க வேண்டியிருக்கும்.

முகவரியிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே நிறுவனத்தின் புதுக் கேமராக்கள் பல நேரம் ஒரே முகவரியோடு வருகின்றன. 192.168.1.64 என்ற முகவரியில் இரண்டு கேமராக்கள் ஸ்விட்சில் இருந்தால், படம் வந்து வந்து போகும், அல்லது ஒன்றின் இடத்தில் மற்றது தெரியும். ஒவ்வொன்றாக இணைத்து 192.168.1.201, 202 என்று மாற்றுவதே வழி. ரௌட்டர் தானாக வழங்கும் எண்களுக்கு வெளியே இவை இருக்க வேண்டும்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிந்தால் நாளைக்கு 43.2 ஜிபி ஆகும். ஐந்துக்கு 216 ஜிபி. 30 நாளைக்கு ஏறக்குறைய 6.5 டிபி. H.265 முறையில் வீதத்தை 2 மெகாபிட்டாகக் குறைத்தால் 4 டிபி டிஸ்கிலேயே ஒரு மாதப் பதிவு அடங்கிவிடும். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு தானாக அழியும். வேண்டிய காட்சியை அதற்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.