புளியைக் கொஞ்சம் காக்க வையுங்கள்

கல்யாணமான புதிதில், நாத்தனார் வீட்டார் விருந்துக்கு வந்த அன்று எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தேன். மூடியைத் திறந்தால், அடைத்த மசாலா முழுவதும் குழம்பில் கரைந்து கிடக்கிறது. காய்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. காயாவது வெந்ததா என்றால் அதுவும் இல்லை, காம்புப் பக்கம் நறுக்கென்றிருந்தது. "அண்ணி, மசாலாவைத் தனியா வச்சு, காயைத் தனியா வச்சிருக்கீங்களே!" என்று சின்ன நாத்தனார் சிரித்தாள்.

மசாலா வெளியே வந்ததும் காய் வேகாததும் வேறு வேறு தவறுகள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: புளித்தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றியது.

புளிப்பு சேர்ந்தால் காய் சீக்கிரம் மசியாது. காயின் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சூட்டில் இளகினால்தான் காய் குழையும். புளிப்பு அதை இளகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. புளிக்குழம்பில் போட்ட காய் கடைசிவரை முழுசாகக் கிடப்பதும் இதனால்தான். காய் வேகட்டும் என்று அடுப்பைத் தூண்டுவோம், குழம்பு தளதளவென்று கொதிக்கும், அந்தக் கொதி மசாலாவைக் காய்க்குள்ளிருந்து அலசிக்கொண்டு போய்விடும்.

அதனால் காயை முதலில் எண்ணெயிலேயே முக்கால்வாசிக்கு மேல் வேகவைத்துவிட வேண்டும்.

அரை கிலோ எடுத்தால் சின்ன உருண்டைக் கத்திரிக்காய் பத்துப் பன்னிரண்டு நிற்கும். பெரிய காய் வேண்டாம். மேலே கருகும்வரை உள்ளே வேகாது. காம்பைக் கிள்ளாமல், அடிப்பக்கத்திலிருந்து கூட்டல் குறி போலக் கீறுங்கள். முக்கால் பாகத்தோடு கத்தி நிற்க வேண்டும். காம்பை ஒட்டிய அந்தக் கால் பாகம்தான் நாலு துண்டையும் சேர்த்துப் பிடிக்கிற முடிச்சு. கீறியதும் விரித்துப் பாருங்கள், புழு இருந்தால் அப்போதே தெரியும். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தால் காய் கறுக்காது. எடுத்துக் கவிழ்த்து வைத்து நீரை வடித்துத் துணியால் ஒற்றிவிடுங்கள். ஈரக்காயில் மசாலா ஒட்டாது.

மசாலாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒன்று கடலைப்பருப்பு, ஒன்று வேர்க்கடலை, ஒரு தேக்கரண்டி எள், ஆறு வரமிளகாய் ஆகியவற்றை வறுத்து, கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும் ஈரம் போகப் புரட்டி, உப்போடு கொரகொரப்பாகப் பொடியுங்கள். தண்ணீர் விட்டு விழுதாக அரைக்க வேண்டாம். ஒரு கரண்டி நல்லெண்ணெயும் ஒரு தெளிப்புத் தண்ணீரும் விட்டுப் பிசறினால் போதும். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். காய் வேகும்போது விடுகிற நீரைப் பருப்பும் கடலையும் குடித்து ஊதி, காய்க்குள்ளேயே இறுகிக்கொள்ளும். மசாலா முதலிலேயே நீர்த்திருந்தால் இது நடக்காது. ஒரு காய்க்கு ஒன்றரைத் தேக்கரண்டி போதும். திணித்துவிட்டுக் கையால் அழுத்தினால் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், மிச்சப் பொடி குழம்புக்கு ஆகும்.

அகலமான, அடி கனத்த சட்டியில் ஐந்தாறு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெய் கணக்குப் பார்ப்பவர்கள் வேறு பொரியல் செய்துகொள்ளலாம். காய்ந்ததும் காய்களை ஒரே வரிசையாகப் படுக்கவைத்து, மூன்று நிமிடம் தொடாதீர்கள். கீறலில் எட்டிப் பார்க்கும் மசாலா எண்ணெயில் பொரிந்து மூடி போல ஆகிவிடும். பிறகு தட்டு மூடி, சிறு தீயில் பதினைந்து இருபது நிமிடம். திருப்புவதற்குக் கரண்டியைச் சுழற்றாமல், காம்பைப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஊதா நிறம் போய்ப் பழுப்பாகி, தோல் சுருங்கினால் வெந்த மாதிரிதான் தெரியும், நம்பாதீர்கள். கடைசியில் வேகும் இடம் காம்படி. அங்கே கத்தி முனை தடையில்லாமல் இறங்கிய பிறகுதான், சின்ன நெல்லிக்காயளவு புளியை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, மிச்சப் பொடியும் சேர்த்து, காய்களின் மேல் கொட்டாமல் சட்டியோரமாக ஊற்ற வேண்டும். பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை, கொதி எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடைமிளகாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அதன் நடுவில் சதை இல்லை, வெறும் கூடு. சுவர் மெல்லியது, சீக்கிரம் துவண்டுவிடும். ஆகவே உள்ளே வைக்கும் உருளைக்கிழங்கு ஏற்கெனவே வெந்து, வதங்கி, ஈரம் வற்றியிருக்க வேண்டும். அடிப்பக்கம் நாலு மேடாக இருக்கும் மிளகாயாகப் பார்த்து வாங்கினால் சட்டியில் சாயாமல் நிற்கும், வாயும் மேலே பார்த்தபடியே இருக்கும்.

எண்ணெய்க் கத்திரிக்காயை இறக்கியதும் பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் மூடியபடி இருந்தால் மசாலா இன்னும் இறுகும். காம்பைப் பிடித்துத் தூக்கி இலையில் வைத்தாலும் சிந்தாது.