உஷார்! நாலு வரி பதிலுக்கு ஏ.ஐ. ஸ்கோர் போட்டால் நம்பாதீர்கள்

அமெரிக்காவிலோ, இங்கிலாந்திலோ, ஆஸ்திரேலியாவிலோ பிள்ளை படிக்கிறதா? நீங்களே ஆன்லைன் கோர்ஸ் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா? அல்லது மாணவர்களின் ஆங்கில அசைன்மென்ட்டைத் திருத்தும் ஆசிரியரா? அப்படியென்றால் இது உங்களுக்கான எச்சரிக்கை. வாராவாரம் போடும் டிஸ்கஷன் போஸ்ட், வினாடி வினாவில் எழுதும் மூன்று வரி விடை, சக மாணவரின் கருத்துக்கு எழுதும் பதில் ஆகியவற்றையெல்லாம் ஏ.ஐ. டிடெக்டரில் போட்டு, “இது 100 சதவீதம் ஏ.ஐ. எழுதியது, விளக்கம் கொடு” என்று மெயில் அனுப்பும் வழக்கம் பரவியிருக்கிறது. நீளமான கட்டுரையில் இந்தக் கருவிகள் சொல்வதற்கு ஓரளவாவது மதிப்புண்டு. சின்ன விடையில் அது கிட்டத்தட்ட குருட்டுக் கணிப்பு.

இதைக் கருவிகளைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் 2023 ஜனவரியில் சொந்தமாக ஒரு டிடெக்டர் வெளியிட்டது. 1,000 எழுத்துகளுக்குக் குறைவான உரையில் இதை நம்பவே வேண்டாம் என்று அன்றே எழுதி வைத்தார்கள். ஆயிரம் எழுத்து என்றால் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 160 வார்த்தை. துல்லியம் போதவில்லை என்று சொல்லி, அதே ஆண்டு ஜூலையில் அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்களில் அதிகம் புழங்கும் டர்னிடின் 2023 ஏப்ரலில் ஏ.ஐ. கண்டறியும் வசதியைக் கொண்டுவந்தபோது 150 வார்த்தை இருந்தால் போதும் என்றது. சில மாதங்களிலேயே அந்தக் குறைந்தபட்ச அளவை 300 ஆக்கியது. அதுவும் பத்தி பத்தியாக எழுதிய உரைநடையாக இருக்க வேண்டும். பட்டியல், அட்டவணை, புள்ளி போட்ட குறிப்பு எல்லாம் கணக்கில் சேராது. இப்போது ஒரு டிஸ்கஷன் போஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். முதல் பதிவு 150 வார்த்தை, பதில் ஒவ்வொன்றும் 50 முதல் 100 வார்த்தை. 160, 300 என்ற இந்த இரண்டு எல்லைகளையும் அது தொடுவதே இல்லை.

அளவு குறைந்தால் ஏன் சொதப்புகிறது? இத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படை எளிது. ஒரு வாக்கியத்தில் அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கக்கூடியது என்று ஒவ்வொரு சொல்லாகக் கணக்குப் போட்டு, மொத்தத்துக்கும் சராசரி எடுக்கும். எல்லாச் சொல்லும் எதிர்பார்த்தபடியே வந்தால் மெஷின் எழுதியது என்று சந்தேகிக்கும். எதிர்பாராத சொற்கள், நீளமும் குட்டையுமாக மாறும் வாக்கியங்கள் இருந்தால் மனிதர் எழுதியது என்று நினைக்கும். சராசரி என்றாலே எண்ணிக்கை வேண்டும். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால் அது கள்ள நாணயம் என்று யாரும் சொல்ல மாட்டோம். நல்ல நாணயத்திலும் ஆறில் ஒரு தடவை அப்படியோ அதற்கு மேலோ விழும். ஆயிரம் முறையில் எழுநூறு தலை என்றால் விஷயமே வேறு. அறுபது வார்த்தை விடைக்கு ஸ்கோர் போடுவது, பத்துச் சுண்டலிலேயே தீர்ப்பு எழுதுவது.

ஆனால் எண்ணிக்கைக் குறைவை விடவும் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

உயிரியல் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம்: “மைட்டாசிஸ், மியோசிஸ் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? மூன்று வாக்கியத்தில் எழுதுக.” மைட்டாசிஸில் ஒரு செல் இரண்டாகப் பிரியும், குரோமோசோம் எண்ணிக்கை மாறாது. மியோசிஸில் நான்கு செல்கள் உருவாகும், எண்ணிக்கை பாதியாகும். முதலாவது வளர்ச்சிக்கும் பழுதுபார்ப்புக்கும், இரண்டாவது இனப்பெருக்கச் செல்களுக்கும். அவ்வளவுதான் விடை. இதை வேறு எப்படித்தான் எழுதுவது? குரோமோசோம் என்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் கிடையாது. ‘பாதி’யை அலங்காரமாகச் சொன்னால் மார்க் போகும். பாடப்புத்தகமும் இப்படித்தான் சொல்கிறது, சாட்ஜிபிடியும் இப்படித்தான் சொல்லும், நன்றாகப் படித்த மாணவியும் இப்படித்தான் எழுதுவாள். அடுத்த சொல் என்ன என்பதைத் தீர்மானிப்பது வினா. எழுதுபவருக்கு அங்கே விளையாட இடமே இல்லை. ஆக, டிடெக்டர் அளப்பது மாணவியின் கையை அல்ல, கேட்கப்பட்ட கேள்வி எவ்வளவு குறுகலானது என்பதைத்தான். இதில் கொடுமை என்னவென்றால், படிக்காமல் வந்து உளறியவனின் விடையில்தான் எதிர்பாராத சொற்கள் நிறைய இருக்கும். அவன் ‘மனிதன்’ என்று பாஸாகிவிடுவான்.

டிஸ்கஷன் போஸ்ட்டில் வினாவுக்குப் பதிலாக மதிப்பெண் விதி அந்த வேலையைச் செய்கிறது. சக மாணவரின் பெயர் சொல்லி வாழ்த்து, அவர் சொன்னதில் ஒரு கருத்தைக் குறிப்பிடு, பாடத்திலிருந்து ஒரு மேற்கோள் சேர், முடிவில் ஒரு கேள்வி கேள் என்று ஆசிரியரே அச்சு வார்த்துக் கொடுத்துவிடுகிறார். முப்பது பேரும் “உங்கள் கருத்தோடு உடன்படுகிறேன்” என்று தொடங்கி “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று முடிக்கிறார்கள். எண்பது வார்த்தையில் முப்பது வார்த்தை இந்த அச்சுக்கே போய்விடும். மிச்சம் ஐம்பதை வைத்து எழுதியது யார் என்று எப்படிச் சொல்வது?

நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் ஆபத்து. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் ஏழு டிடெக்டர்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை ஏ.ஐ. என்று அவை தவறாகக் கூறின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தத் தவறு மிகக் குறைவு. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அதே டோஃபெல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, தாய்மொழிக்காரர் போலச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னார்கள். தவறு 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சொந்தமாக எழுதினால் மாட்டுவாய், மெஷினிடம் மெருகேற்றினால் தப்புவாய்! ‘இன் டுடேஸ் மாடர்ன் வேர்ல்டு’ என்று தொடங்கி ‘லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்’ என்று முடிக்கச் சொல்லி நம் பள்ளிகளில் பழக்கிவிட்ட ஆங்கிலம் இருக்கிறதே, டிடெக்டர் சந்தேகப்படும் வழுவழு நடை அதுதான்.

அடுத்து, அந்த சதவீதத்தைப் படிக்கும் விதம். டர்னிடின் காட்டும் 40 சதவீதம் என்பது “40 சதவீத வாய்ப்பில் இவர் ஏமாற்றினார்” என்று பொருள்படாது. கணக்கில் எடுத்த வாக்கியங்களில் எத்தனை பங்கு சந்தேகத்துக்குரியவை என்பதே அந்த எண். முந்நூறு வார்த்தைக் கட்டுரையில் பதினைந்து இருபது வாக்கியம் இருக்கும். ஒன்றிரண்டு தவறாகப் போனாலும் எண் சிறிதாகவே நிற்கும். ஐந்து வாக்கியப் பதிவில் இதே கணக்கைப் போட்டால் ஒரு வாக்கியம் பிசகியதுமே 20, இரண்டு பிசகினால் 40. டர்னிடினே 20-க்குக் குறைந்த ஸ்கோரை நம்பகம் போதாதென்று எண்ணாகக் காட்டுவதில்லை, நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறது. குறைந்தபட்ச அளவே இல்லாத வேறு கருவிகளும் இணையத்தில் உண்டு. அவற்றில் ஒரு வரியைப் போட்டாலும் 0 அல்லது 100 என்று பளிச்சென்று வந்து விழும்.

இந்த வார்த்தை வரம்பைத் தாண்ட சில ஆசிரியர்கள் குறுக்கு வழி பிடிக்கிறார்கள். மாணவரின் நாலு வாரப் பதிவுகளை ஒட்டி 320 வார்த்தையாக்கி உள்ளே போடுகிறார்கள். தொடர்ச்சியான ஒரே உரைக்காகச் செய்த கருவிக்கு இந்த ஒட்டுப்போட்ட துணி என்ன தெரியும்? போதாக்குறைக்கு வினாவையும், பாடத்திலிருந்து எடுத்த மேற்கோளையும் சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். மாணவர் எழுதாத வரிகளுக்கும் சேர்த்து மாணவர் தலையில் ஸ்கோர் விழுகிறது.

எண்ணிக்கை செய்யும் சூழ்ச்சி இன்னும் மோசம். தவறு நூற்றுக்கு ஒன்றுதான் என்றே வைத்துக்கொள்வோம். 12 வாரம், வாரத்துக்கு ஒரு பதிவு, இரண்டு பதில் என்றால் ஒரு கோர்ஸில் 36 துண்டுகள். ஒவ்வொன்றும் தனித்தனிச் சோதனை என்று கொண்டால், ஒரு தப்பும் செய்யாத மாணவர் ஒரு முறையாவது மாட்ட 30 சதவீத வாய்ப்பு. ஒரு பருவத்தில் இப்படி நாலு கோர்ஸ் எடுத்தால் அது 76 சதவீதத்தைத் தாண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடினின் ஏ.ஐ. டிடெக்டரை நிறுத்தியபோது இந்த மாதிரிக் கணக்கைத்தான் முன்வைத்தது. 2022-ல் தங்களிடம் வந்தவை 75,000 தாள்கள்; ஒரு சதவீதத் தவறு என்றாலே சுமார் 750 தாள்கள் மீது வீண்பழி.

நிஜத்தில் இந்தத் தவறு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை. எளிய, ஒழுங்கான நடையில் எழுதும் ஒரே பிள்ளை மீதே திரும்பத் திரும்ப விழும். “ஒன்று என்றால் தற்செயல் எனலாம், ஆறு பதிவிலுமா?” என்று விசாரணையில் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். ஆனால் அதே கை, அதே நடை, அதே மதிப்பெண் விதி, அதே கருவி. முதல் பதிவில் கருவியை எது ஏமாற்றியதோ அதுவே மற்ற ஐந்திலும் ஏமாற்றும். ஆறு ஸ்கோர் ஆறு சாட்சி ஆகாது.

மெயில் வந்துவிட்டால் என்ன செய்வது? பதறி மன்னிப்புக் கேட்டு எழுதிவிடாதீர்கள். செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதாக அது கோப்பில் ஏறும். பணிவாக நாலு விவரம் கேளுங்கள்: எந்தக் கருவி, உள்ளே போட்டது எத்தனை வார்த்தை, வினாவும் மேற்கோளும் நீக்கப்பட்டனவா, அந்தக் கருவியின் குறைந்தபட்ச அளவு என்ன. ஸ்கோரைத் தவிர வேறு ஆதாரம் உண்டா என்றும் கேளுங்கள். டிஸ்கஷன் பெட்டியில் நேராக டைப் செய்யும் பழக்கத்தை இன்றே விடுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதி, பிறகு ஒட்டுங்கள். அதில் File மெனுவில் Version history என்று இருக்கும். எந்த நேரத்தில் எந்த வரியை எழுதினீர்கள், எதை அழித்தீர்கள் என்பதை அது காட்டும். பாடம் படிக்கும்போது கிறுக்கிய குறிப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

முன்கூட்டியே இலவச டிடெக்டரில் போட்டுப் பார்த்து, பச்சை நிறம் வரும்வரை மாற்றி மாற்றி எழுதுவதும் வேண்டாம். சரியான விடை கோணலாவதுதான் மிச்சம். ஒரு தளம் பச்சை காட்டியது என்பதற்காக ஆசிரியரின் கருவியும் அப்படியே காட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பயமுறுத்தும் ஸ்கோரைக் காட்டிய கையோடு “மனித நடையாக்கித் தருகிறோம், பணம் கட்டுங்கள்” என்று பட்டன் நீட்டும் தளங்களிடம் இரட்டிப்பு உஷார்.

ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-ல். அதற்கு முந்தைய வகுப்புகளின் பழைய டிஸ்கஷன் பதிவுகள் உங்களிடம் இருந்தால், பெயர்களை நீக்கிவிட்டு, கல்லூரி அனுமதித்த கருவியில் ஐம்பதைப் போட்டுப் பாருங்கள். அவற்றில் எத்தனை ‘ஏ.ஐ.’ என்று வருகிறதோ, அத்தனையும் உங்கள் பாடத்தில், உங்கள் கேள்விகளுக்கு, அந்தக் கருவி செய்யும் தவறு. இதில் பாஸாகிற ஏ.ஐ. விடைகளின் கணக்கு வராது. ஸ்கோர் 0 என்பதும் நற்சான்று அல்ல. உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், விடையில் சொன்ன மேற்கோள் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத நூலையும் இல்லாத வரியையும் காட்டியிருந்தால் அது ஸ்கோரை விடக் கனமான ஆதாரம். அல்லது மாணவரைக் கூப்பிட்டு, “மியோசிஸில் எண்ணிக்கை ஏன் பாதியாக வேண்டும்?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் போதும்.